வைத்தியச் செலவுக்கு உதவி கேட்டு வரும் வேண்டுகோள்கள்: வன்னியில் இருந்து சில கேள்விகளும் பதில்களும்

நான் கிளிநொச்சியில் இருக்கிறேன். வெளிநாட்டில் உள்ள ஊரவர்கள் தங்களுக்கு வரும் உதவி வேண்டுகோள்களை எனக்கு அனுப்பி, "உண்மையோ எண்டு ஒருக்கா பாருங்கோ" என்பார்கள். பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் என்று மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுவேன். பல வருடமாக இதைச் செய்வதால் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். சிறுநீரக நோய்க்கான வேண்டுகோள்களே அதிகம் வருவதால் பெரும்பாலும் அதை வைத்தே சொல்லியிருக்கிறேன்.

"இலங்கையில ஆஸ்பத்திரி இலவசம்தானே. பிறகு ஏன் இவ்வளவு இலட்சம் கேக்கினம்? எல்லாம் பொய்யோ?"

இல்லை. அரச வைத்தியசாலையில் கட்டிலுக்கோ வைத்தியருக்கோ சத்திரசிகிச்சைக்கோ காசு வாங்குவதில்லை. ஆனால் விசுவமடுவில் இருந்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய் வர வான் பிடிக்க வேண்டும். கூடப் போகிறவர் எங்காவது தங்கவும் சாப்பிடவும் வேண்டும். நாட்கூலிக்குப் போகிற மனுசன் வைத்தியசாலையில் நின்றால் அன்றைக்கு வீட்டில் உழைப்பு இல்லை. 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்ததில் இருந்து, "இதை வெளியில வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று எழுதிக் கொடுக்கும் துண்டுகளும் கூடிவிட்டன.

இப்படிச் சேரும் செலவு மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் வரும். ஒரேயடியாகப் பல இலட்சம் கேட்டால், அரச வைத்தியசாலையில் காத்திருக்காமல் தனியார் வைத்தியசாலைக்குப் போக நினைக்கிறார்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அதில் தவறு இல்லை. சில நேரம் அதற்கு நல்ல காரணமும் இருக்கும். ஆனால் வேண்டுகோளில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். "இந்தச் சிகிச்சையை அரச வைத்தியசாலையில் செய்ய ஏலாதா? ஏலும் என்றால் ஏன் அங்கே செய்யவில்லை?" இதுதான் என் முதல் கேள்வி. உண்மையான குடும்பம் இந்தக் கேள்விக்குக் கோபப்படாது. அவர்களிடம் அதற்கு ஒரு பெரிய கதையே இருக்கும்.

"நான் லண்டனில இருக்கிறன். வட்ஸ்அப்பில ஒரு வேண்டுகோள் வந்திருக்கு. எங்க இருந்து தொடங்கிப் பாக்கிறது?"

நான் போய்ப் பார்த்த ஒன்றையே சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த செய்தி இதுதான்: "மூன்று பிள்ளைகளின் தாய். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து விட்டது. இரண்டு கிழமைக்குள் மாற்றாவிட்டால் உயிர் தப்பாது. 45 இலட்சம் தேவை." கீழே ஒரு படமும் வங்கிக் கணக்கு இலக்கமும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. லண்டனில் உள்ள உறவினர் ஒருவர் இதையே கோஃபண்ட்மீயிலும் போட்டிருந்தார்.

"இரண்டு கிழமைக்குள்" என்ற சொல்தான் முதலில் எனக்கு இடித்தது. சிறுநீரகம் நின்றுபோனவர்களை இரத்தச் சுத்திகரிப்பு மாதக்கணக்கில், பலரை வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கிறது. மாற்றுச் சத்திரசிகிச்சை செய்வதென்றாலும் கொடுப்பவரின் இரத்த வகையும் இழையப் பொருத்தமும் பார்க்க வேண்டும். அவருடைய உடல்நிலையை முழுவதும் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைகளே இரண்டு கிழமையில் முடியாது. ஆகவே செய்தியை எழுதியவர் ஒன்றில் பொய் சொல்கிறார், அல்லது யாரோ அவரைப் பயப்படுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

போன் எடுத்தேன். கணவன் பேசினார். எந்த வைத்தியசாலை, கிழமைக்கு எத்தனை தரம் சுத்திகரிப்பு, எப்போது தொடங்கியது என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: கிழமையில் இரண்டு நாள், ஒவ்வொரு தரமும் நான்கு மணித்தியாலம், தொடங்கி ஏழு மாதம். அப்படிச் சொல்கிற மனிதர் அந்த வாழ்க்கையை வாழ்கிறவராகத்தான் இருப்பார். அடுத்த நாள் வீட்டுக்குப் போனேன். மனைவியின் கையில் ஊசி குத்துவதற்காகச் செய்த இரத்தக்குழாய் இணைப்பு இருந்தது. கிளினிக் கொப்பியும் இருந்தது.

நோய் உண்மை. அப்படியென்றால் 45 இலட்சம் எங்கே இருந்து வந்தது? கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலை கொடுத்த மதிப்பீட்டுக் கடிதம் 30 இலட்சம் என்றது. மிச்சம் 15 இலட்சத்துக்குக் கடிதம் எதுவும் இல்லை. கேட்டபோது கணவன் தலையைக் குனிந்துகொண்டார். சிறுநீரகம் கொடுக்க ஒரு ஆளைப் பிடித்துத் தருவதாக ஒரு தரகர் சொல்லியிருக்கிறார். "இரண்டு கிழமை" என்று கெடு வைத்ததும் அந்தத் தரகர்தான்.

"அப்ப அந்த 15 இலட்சத்தைக் குடுத்தால் என்ன? ஒரு உயிர் தப்பும்தானே."

கொடுக்கக் கூடாது. மனித உறுப்பு, இழைய மாற்றுத் தொடர்பான 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கையில் உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். சட்டத்தை விடுங்கள் என்று சொல்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தக் காசுக்கு ரசீது கிடையாது. தரகர் காசை வாங்கிக்கொண்டு போனை நிறுத்திவிட்டால் குடும்பம் பொலிசுக்குப் போகவும் பயப்படும். தரகர்கள் நம்பியிருப்பதும் அந்தப் பயத்தைத்தான். சிறுநீரகத்தைக் கொடுக்க வருகிறவரும் பெரும்பாலும் கடனில் கிடக்கிற ஒரு ஏழைதான். அவருக்குப் பிறகு வருத்தம் வந்தால் பார்க்க ஆள் இல்லை.

வேண்டுகோளில் "சிறுநீரகம் வாங்க" அல்லது "டோனருக்குக் கொடுக்க" என்று ஒரு தொகை இருந்தால் அந்தத் தொகைக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். அதை வைத்துக் குடும்பம் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டவும் வேண்டாம். இந்தக் குடும்பத்தில் நோயாளி பி வகை இரத்தம், தம்பி ஏ வகை. தம்பி கொடுக்க முன்வந்தும் வகை பொருந்தவில்லை. இனி வேறு வழியே இல்லை என்று நினைத்துத்தான் தரகரிடம் போயிருக்கிறார்கள். மற்றச் சகோதரங்களைச் சோதித்தீர்களா என்று கேட்டேன். மன்னாரில் மணம் முடித்த அக்காவிடம் கேட்கவே இல்லை. "அவவுக்குச் சின்னப் பிள்ளையள்" என்றார்கள். பிறகு கேட்டபோது அக்கா தானாகவே வந்தார். அவர் ஓ வகை. ஓ வகைக்காரர் மற்ற வகையினருக்குக் கொடுக்கலாம். மற்றச் சோதனைகளுக்காக இருவரையும் கண்டி அரச வைத்தியசாலைக்கு அனுப்பி வைத்தார்கள்.

பிறகு கணவனோடு இருந்து வேண்டுகோளைத் திருத்தி எழுதினோம். சுத்திகரிப்பு முடிந்தவுடன் அந்தத் தாயால் பஸ்ஸில் நின்று வர முடியாது. ஓட்டோவுக்கு ஒரு தரம் போய்வர 4,000 ரூபா. மாதத்தில் எட்டுத் தரத்துக்கு 32,000. வைத்தியசாலையில் இல்லாத ஊசிக்கும் மருந்துக்கும் 12,000. சாப்பாட்டுக்கு 10,000. மொத்தம் மாதம் 54,000 ரூபா. கண்டிக்குப் போய்வரும் செலவைத் தனியாக எழுதினோம். 45 இலட்சம் கேட்டபோது தயங்கியவர்கள் 54,000 என்றதும் மாதம் மாதம் பிரித்து எடுத்துக்கொண்டார்கள்.

"கிராம அலுவலற்ற கடிதம் போட்டிருக்கினம், பிரதேச செயலாளரும் கையெழுத்து வச்சிருக்கிறார். அது காணும்தானே?"

காணாது. அந்தக் கடிதம் இன்னார் இந்த இடத்தில் வசிக்கிறார், வருமானம் குறைவு என்று மட்டும் சொல்கிறது. கிராம அலுவலர் வைத்தியர் அல்ல. நோயாளி சொன்னதைத்தான் "நோய்வாய்ப்பட்டுள்ளதாக அறிகிறேன்" என்று எழுதிக் கொடுப்பார்.

ஒவ்வொரு கடதாசியும் ஒன்றைத்தான் சொல்லும். நோய் நிர்ணய அட்டையில் நோய் இருக்கும், செலவு இருக்காது. தனியார் வைத்தியசாலையின் மதிப்பீட்டில் செலவு இருக்கும், வேறு இடத்தில் இலவசமாகச் செய்யலாமா என்பது இருக்காது. இந்த மூன்றிலும் பெயர், வயது, முகவரி ஒன்றாக இருக்கிறதா, திகதி அண்மையானதா என்று பாருங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய அட்டையை வைத்து இப்போதும் காசு சேர்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அந்த நோயாளி சுகமாகிக் கடை நடத்திக்கொண்டிருந்தார். காசு சேர்த்தவர் வேறு ஆள்.

எனக்கு எல்லாவற்றையும் விட நம்பிக்கை தருவது கிளினிக் கொப்பி. அதில் ஒவ்வொரு தரமும் வேறு வைத்தியரின் கையெழுத்து, வேறு மை, முத்திரை, அடுத்து வரவேண்டிய திகதி, இடையில் ஒட்டிய இரத்தப் பரிசோதனைத் துண்டுகள் எல்லாம் இருக்கும். மழையில் நனைந்து மூலை மடிந்திருக்கும். ஒரு அட்டையைக் கணினியில் மாற்றுவது சுலபம். இரண்டு வருடக் கொப்பியை அப்படிச் செய்ய யாரும் மினக்கெட மாட்டார்கள். ஒரு பக்கத்தை மட்டும் கேட்காமல், கொப்பியை ஒவ்வொரு பக்கமாகத் தட்டிக் காட்டும் ஒரு சின்ன வீடியோ கேளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். வன்னியில் 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லை, பழைய வைத்தியக் குறிப்பு இல்லை என்பதை மட்டும் வைத்து ஒருவரைச் சந்தேகப்படாதீர்கள்.

"ஆஸ்பத்திரிக்கே நேர போன் எடுத்துக் கேட்டால் என்ன?"

சொல்ல மாட்டார்கள். சொல்லவும் கூடாது, அது நோயாளியின் அந்தரங்கம். சரியான வழி, நோயாளியோ கணவனோ கிளினிக் நாளில் வைத்தியரிடம் கேட்டு, என்ன சிகிச்சை தேவை, எங்கே செய்யலாம் என்று இரண்டு வரி எழுதி வாங்குவது. நம்பிக்கையான ஒரு ஊர்க்காரர் அன்றைக்குக் கூடப் போனால் இன்னும் நல்லது.

இதில் நான் ஒரு பாடம் படித்தேன். ஒரு தகப்பன், "கிரியேற்றினின் 142 ஆகிவிட்டது, கிட்னி போய்விட்டது" என்று அழுதார். பேஸ்புக்கில் யாரோ ஒன்றுக்கு மேல் போனாலே ஆபத்து என்று எழுதியதை வாசித்திருக்கிறார். அது மில்லிகிராம் கணக்கு. அவருடைய துண்டில் இருந்தது மைக்ரோமோல் கணக்கு. 142ஐ 88.4ஆல் பிரித்தால் மில்லிகிராமில் 1.6 வரும். அது கவனிக்க வேண்டிய அளவுதான். ஆனால் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு இருக்கும். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அந்த இலக்கம் என்ன கணக்கு என்று அவருக்கு ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. வேண்டுகோளை நிறுத்திவிட்டு அடுத்த கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

"கோஃபண்ட்மீயில போட்டிருந்தால் நம்பலாம்தானே? அவையள் சரிபார்ப்பினம்தானே?"

கோஃபண்ட்மீ காசை வெளியே எடுக்கிறவர் யார் என்பதைச் சரிபார்க்கிறது. விசுவமடுவில் உள்ள நோயாளியின் வீட்டுக்கு யாரும் வந்து பார்ப்பதில்லை. இலங்கை வங்கிக் கணக்குக்கு அது காசு அனுப்புவதும் இல்லை. ஆகவே பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா போன்ற ஒரு நாட்டில் இருக்கும் ஒருவரின் கணக்குக்குத்தான் காசு போகும். அங்கிருந்து வன்னிக்கு எப்படி வருகிறது என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

பக்கத்தை நடத்துபவர் யார், நோயாளிக்கு அவர் என்ன முறை, காசை எந்த வழியால் அனுப்பப் போகிறார் என்ற மூன்றும் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் உள்ள Contact பொத்தானால் கேளுங்கள். அங்கே நடத்துபவரும் இங்கே கிடைக்கிறவரும் ஒருவரையொருவர் நேரில் அறிந்தவர்களாக இருந்தால் நல்லது. "உண்டியலில் அனுப்பினோம்" என்றால் கையில் ஒரு ஆதாரமும் இருக்காது. வங்கி வழியாக அனுப்பினால் சிலிப் இருக்கும். உண்டியலில் நாணய மாற்று விலை கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்று சொல்வார்கள். பொதுக் காசுக்கு அந்தக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

கழிவையும் தெரிந்து வைத்திருங்கள். பிரித்தானியாவில் ஒவ்வொரு கொடுப்பனவிலும் 2.9 வீதமும் 25 பென்சும் கழியும். 25 பவுண் கொடுத்தால் ஏறக்குறைய 24 பவுண் மிஞ்சும். இதைவிட, கொடுக்கும் நேரத்தில் நிறுவனத்துக்கென்று ஒரு "ரிப்" தொகை தானாகவே குறிக்கப்பட்டிருக்கும். விருப்பம் இல்லாவிட்டால் அதைப் பூச்சியத்துக்கு இழுத்து விடலாம். அது நோயாளிக்குப் போகிற காசு அல்ல.

ஏமாற்று என்று தெரிந்தால் Report fundraiser என்பதை அழுத்தி முறையிடலாம். காசு தவறாகப் பயன்பட்டது என்று அவர்கள் கண்டால், கொடுத்து ஒரு வருடத்துக்குள் திருப்பித் தரும் ஏற்பாடு இருக்கிறது. பேஸ்புக்கில் கண்ட கணக்கு இலக்கத்துக்கு நேரே போட்ட காசுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

"படத்தில இருக்கிற பிள்ளையை எனக்குத் தெரியும், வருத்தமும் உண்மை. பிறகு எப்படிப் பொய்யாகும்?"

ஆகும். நானே இதில் அகப்பட்டேன். முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை ஒன்றின் வேண்டுகோள் ஒரு குழுவில் வந்தது. குடும்பத்தைத் தெரியும் என்றபடியால் அதிகம் பார்க்காமல் 10,000 ரூபா போட்டேன். பிறகு தகப்பனைச் சந்தித்தபோது காசு கிடைக்கவில்லை என்றார். யாரோ அவருடைய வேண்டுகோளை வரிக்கு வரி எடுத்து, கணக்கு இலக்கத்தை மட்டும் மாற்றிப் பரப்பியிருந்தார்கள். நாம் போடும்போது எழுதுகிற பெயரும் கணக்குக்காரரின் பெயரும் ஒன்றா என்று வங்கி எப்போதும் பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு, செய்தியில் இருக்கும் தொலைபேசி இலக்கத்துக்கு நான் எடுப்பதில்லை. அதையும் மாற்றியிருப்பார்கள். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த யாரிடமாவது இலக்கம் வாங்கி, வீட்டுக்காரர் வாயாலேயே கணக்கு இலக்கத்தைச் சொல்லவைத்து, வந்த செய்தியோடு ஒப்பிடுவேன். ஐந்து நிமிட வேலை.

ஒருவரையும் தெரியாத இடத்து வேண்டுகோள் என்றால் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் வேறு யாருக்கோ சேர்த்த பழைய படம் என்று சில நேரம் அங்கேயே தெரிந்துவிடும். ஒன்றும் வராவிட்டால் உண்மை என்று அர்த்தம் இல்லை, படம் இணையத்தில் வேறு இடத்தில் அகப்படவில்லை என்பது மட்டுமே.

"எங்கட அம்மாவுக்கு நாங்களே கேக்கவேண்டி வந்திட்டுது. எப்படி எழுதினால் சனம் நம்பும்?"

முதலில் பிரதேச செயலகத்துக்குப் போய் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பியுங்கள். 2025இல் இருந்து கொழும்புக்கு அலையாமல் அங்கேயே கொடுக்கலாம். சிறுநீரக மாற்று, இருதய சத்திரசிகிச்சை போன்றவற்றின் செலவில் ஒரு பகுதி கிடைக்கக்கூடும். விண்ணப்பித்தோம், இவ்வளவு கிடைத்தது, மிச்சம் இவ்வளவு என்று எழுதினால் வாசிப்பவர் கேட்கவிருந்த கேள்விக்கு முதலே பதில் கிடைத்துவிடும்.

மொத்தத் தொகையை மட்டும் போடாமல் நாங்கள் 54,000க்கு எழுதியதுபோலப் பிரித்து எழுதுங்கள். கணக்கு நோயாளியின் பெயரில், அல்லது கணவன் மனைவி கூட்டுக் கணக்காக இருக்கட்டும். அம்மாவைக் குழாய்களோடு படம் எடுத்துப் போட வேண்டாம். அடையாள அட்டை இலக்கத்தையும் முழு அட்டையின் படத்தையும் பொதுவில் போடாதீர்கள், அவற்றை எடுத்துத்தான் போலி வேண்டுகோள் செய்கிறார்கள். கேட்கிறவருக்குத் தனியாகக் காட்டுங்கள்.

வீடியோ எடுக்க வரும் யூரியூப் காரர்களிடம் இரண்டு விடயத்தை முதலே கேளுங்கள்: காசு யாருடைய கணக்குக்கு வரும், எவ்வளவு வந்தது என்று உங்களுக்குக் காட்டுவார்களா. தங்கள் கணக்குக்கே வரட்டும், பிறகு தருகிறோம் என்றால் விட்டுவிடுங்கள்.

"காசு சேர்ந்து முடிய முதலே நோயாளி செத்துப்போனால்?"

இது நடக்கிறது. சேர்த்தவர்கள் அந்த நேரத்தில் கேட்க முடியாமல் தவிப்பார்கள். குடும்பமும் செத்தவீட்டுச் செலவு, பழைய கடன் என்று அந்தரப்படும். அதனால்தான் நாங்கள் இப்போது வேண்டுகோளின் கடைசி வரியிலேயே எழுதிவிடுகிறோம்: "மிச்சக் காசு இருந்தால் இறுதிச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போகும், விரும்பாதவர்கள் முதலே சொல்லுங்கள்." இதைக் குடும்பத்திடம் சொல்வது கஷ்டம். நான் நோயாளியின் முன்னால் சொல்வதில்லை, கணவனையோ மூத்த பிள்ளையையோ படலைக்கு வெளியே கூப்பிட்டுச் சொல்வேன். மேலே சொன்ன தாயின் கணவன் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "எழுதுங்கோ அண்ணை, பிள்ளையளின்ர படிப்புக்கு எண்டு மட்டும் போடுங்கோ" என்றார். அப்படியே போட்டோம்.